முட்டிக்காக சைக்கிள்: சீட் சரியாக இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். முட்டித் தேய்மானத்துக்கோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ சைக்கிள் மிதிப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் பாதி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் சீட்டில்தான் போய் நிற்கும். அதனால் இந்தப் பக்கத்திலும் சீட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முட்டி தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க. சைக்கிள் மிதிச்சா இன்னும் தேயாதா?

தேயாது, சீட்டும் லோடும் சரியாக இருந்தால். காரணம் எளிது. நடக்கும்போது உடம்பின் எடை முழுவதும் ஒவ்வோர் அடிக்கும் ஒரே காலில் இறங்குகிறது. அதோடு தசைகள் இழுத்துப் பிடிக்கும் விசையும் சேர்கிறது. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானி பொருத்தி இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டும். லேசான லோடில் சைக்கிள் மிதிக்கும்போது அது உடல் எடையின் அளவை ஒட்டியே நிற்கிறது. எடையைச் சீட் வாங்கிக்கொள்கிறது, கால் சுற்றும் வேலையை மட்டும் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது அழுந்தியும் விரிந்தும் சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. வலிக்கிறதே என்று அசைக்காமல் வைத்திருந்தால் முட்டி இறுகத்தான் செய்யும்.

ஆனால் ஓர் இடத்தில் எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன கணக்கு தொடை எலும்பும் முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பும் சந்திக்கும் பெரிய மூட்டுக்கு. முட்டிச் சிப்பியின் பின்புறம் வேறு கதை. முட்டி நன்றாக மடங்கிய நிலையில் பலமாக மிதித்தால் சிப்பி தொடை எலும்பின் மேல் அழுந்தும். மடக்கம் கூடக்கூட, மிதிக்கும் பலம் கூடக்கூட அழுத்தமும் கூடும். தாழ்ந்த சீட், கனமான லோடு இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பான பயிற்சி என்று நினைத்து ஆரம்பித்ததே வலிக்குக் காரணமாகிவிடும். "சைக்கிள் எனக்கு ஒத்துக்கல" என்று விட்டவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்த இரண்டும்தான்.

சரி, சீட்டை எந்த உயரத்துல வைக்கணும்?

குதிகாலை வைத்துப் பார்ப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான முறை. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது யாராவது பிடித்துக்கொள்ளட்டும். உடற்பயிற்சி சைக்கிள் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மிதிக்கும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு சீட்டில் சமமாக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதற்காக இடுப்பு அந்தப் பக்கம் சாயக் கூடாது. இதுதான் உங்கள் உயரம். இப்போது காலைப் பின்னுக்கு இழுத்து, பாதத்தின் முன்பகுதியை, அதாவது பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் அகலமான மேட்டை, பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். நேரான காலைப் பூஜ்யமாக வைத்துப் பார்த்தால், அந்த மடக்கம் 25 முதல் 35 டிகிரி வரை இருப்பது நல்லது.

பிறகு ஒரு நிமிடம் மிதியுங்கள், வேறொருவர் பின்னால் நின்று உங்கள் இடுப்பைப் பார்க்கட்டும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம். தனியாக இருந்தால் கைபேசியைப் பின்னால் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். மிதிக்கிற ஆளுக்குத் தன் இடுப்பு ஆடுவது பெரும்பாலும் தெரியாது.

எண்ணாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டில் சீட் மாதிரி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் கம்பிகள் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 74 செ.மீ. என்றால் 65.3 செ.மீ. இது பந்தய சைக்கிள்காரர்களிடமிருந்து வந்த கணக்கு. அவர்களின் முட்டி நன்றாக மடங்கும், நன்றாக நீளும். நோயுள்ள முட்டிக்கு இதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, குதிகால் முறையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம்: சீட் தண்டில் "இதற்கு மேல் தூக்காதே" என்று ஒரு கோடு இருக்கும். உயரமானவர்கள் அதைத் தாண்டித் தூக்கிவிடுகிறார்கள். தண்டு வளைந்தாலோ முறிந்தாலோ முட்டியைப் பற்றிய கவலையே தேவைப்படாது.

சீட்டைத் தாழ்த்தி வச்சாதான் பயமில்லாம இருக்கு. ரெண்டு காலும் தரையில ஊனுது. அது தப்பா?

பயம் நியாயமானது. ஆனால் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிந்தால் சீட் முட்டிக்கு மிகவும் தாழ்வு என்றே அர்த்தம். முட்டி மேலே வரும்போது ஏகத்துக்கும் மடங்கும், கீழே போகும்போதும் சரியாக நீளாது. சாதாரண சைக்கிளில் சரியான உயரத்தில் உட்கார்ந்தால் பெருவிரல் நுனிதான் தரையைத் தொடும்.

நிற்கும்போது சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பழக்கிக்கொண்டால் பிரச்சினை தீரும். பிரேக் பிடித்து, வண்டி நிற்கிற நேரத்தில் சீட்டிலிருந்து முன்னால் நழுவி, நல்ல காலை ஊன்றி நிற்க வேண்டும். குறுக்குக் கம்பி இல்லாத, நடுவில் தாழ்ந்த சட்டம் உள்ள சைக்கிளில் இது சுலபம். காலைப் பின்னால் வீசி ஏற வேண்டிய அவசியமும் இல்லை. அறுவை சிகிச்சை ஆன காலை ஊன்றி, அதன்மேல் உடம்பைத் திருப்புவதுதான் ஏறி இறங்கும்போது நடக்கும் பெரிய தவறு. ஊன்றுவது எப்போதும் நல்ல கால்தான்.

இதெல்லாம் என்னால் ஆகாது என்றால் தெருவில் ஓட்ட வேண்டாம். வீட்டில் நிற்கும் சைக்கிளே போதும். தாழ்ந்த சீட்டில் தெருவில் ஓட்டுவதைவிட, சரியான சீட்டில் வீட்டுக்குள் மிதிப்பது முட்டிக்கு நல்லது.

எங்க வலிக்குதுன்றத வச்சு சீட்ல என்ன தப்புன்னு சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். முட்டிச் சிப்பியின் முன்னாலோ அடியிலோ வலித்தால் முதலில் சீட் தாழ்வாக இருக்கிறதா, அடுத்து அதிகமாக முன்னால் தள்ளியிருக்கிறதா, மூன்றாவதாக லோடு கனமா என்று பாருங்கள். முட்டிக்குப் பின்னால், மடிப்பில் இழுத்தால் சீட் உயரம், அல்லது மிகவும் பின்னால் இருக்கிறது. கால் ஒவ்வொரு சுற்றிலும் எட்டிப் பிடிப்பதால் பின்தொடைத் தசைநார்கள் இழுபடுகின்றன. உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் சீட்டை விட்டுவிட்டுப் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் வெளியே பார்த்தபடி இருந்தால் முட்டியும் ஒவ்வொரு மிதியிலும் கோணலாக ஏறி இறங்கும். மேலிருந்து பார்த்தால் முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக மேலும் கீழும் போய்வர வேண்டும்.

சரிசெய்யும்போது பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் அரை செ.மீ. அளவுக்கு. தண்டில் ஒரு டேப் துண்டை ஒட்டிப் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் மிதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சீட்டையும் ஹேண்டில்பாரையும் செருப்பையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "இப்போ இடுப்பு வலிக்குது" என்று வருபவரிடம் எதைத் திருப்பி மாற்றச் சொல்வது?

சீட்டை முன்ன பின்ன நகர்த்தறது முக்கியமா?

உயரம் அளவுக்கு இல்லை, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், ஒன்று முன்னால் ஒன்று பின்னாலாக இருக்கட்டும். முன்னால் இருக்கும் காலில், முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டிலிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் பெடலின் அச்சுக்கு மேலே விழ வேண்டும். அதைவிட முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். முன்னால் வலி உள்ளவர்களுக்கு நூல் அச்சுக்கு ஒரு விரல்கடை பின்னால் விழுந்தாலும் நல்லதே. சீட்டைப் பின்னால் நகர்த்தினால் பெடல் தூரமாகிவிடும் என்பதால் உயரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும். சீட் தரைக்கு இணையாக இருக்கட்டும். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு வழுக்கி முன்னால் வந்துகொண்டே இருக்கும், அப்புறம் அளந்ததெல்லாம் வீண்.

ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் கழிச்சு சைக்கிள் மிதிக்கலாம்?

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. அறுவை செய்த மருத்துவர் சொல்வதுதான் முதலும் கடைசியும். பொதுவாக எப்படி என்றால், முழு முட்டி மாற்று சிகிச்சை செய்தவர்கள் முதல் சில வாரங்களிலேயே நிற்கும் சைக்கிளில் லோடு இல்லாமல் காலை ஆட்டத் தொடங்கிவிடுவார்கள். துளை வழியாக உள்ளே பார்த்துச் சுத்தம் மட்டும் செய்தவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம். கிழிந்த ஜவ்வுத் தட்டை வெட்டி எடுக்காமல் தைத்திருந்தால் நிலைமை வேறு. தையல் பிடிக்கும் வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், முட்டியை 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு அதைவிட அதிக மடக்கம் தேவை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது வாரமே மிதித்தார் என்பதை வைத்து நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். அவருக்குத் தைக்காமல் வெட்டியிருக்கலாம்.

தெருவில் ஓட்டுவது தனி விஷயம். மிதிக்க முடிவது மட்டும் போதாது, திடீரென்று நின்று கால் ஊன்றினால் அந்தக் கால் தாங்க வேண்டும். மூட்டு மாற்றியவர்களுக்கு இது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்தே.

மூட்டு மாத்தி மூணு வாரம் ஆச்சு. சைக்கிள்ல உக்காந்தா பெடல் பாதி சுத்துக்கு மேல போகமாட்டேங்குது. என்ன பண்றது?

தள்ளி முறிக்காதீர்கள். இங்கே கணக்குத்தான் தடுக்கிறது, உங்கள் மனசு அல்ல. சீட் சரியான உயரத்தில் இருந்தால், பெடல் மேலே வரும்போது முட்டி 105 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டும். அவ்வளவு மடங்காத முட்டியில் பெடல் உச்சிக்கு வரும் முன்பே நின்றுவிடும்.

"அப்போ சீட்டை நல்லா தூக்கிட்டா?" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. சீட்டை 1 செ.மீ. தூக்கினால் உச்சியில் மிச்சமாவது தோராயமாக ஒன்றரை முதல் இரண்டு டிகிரிதான். 2 அல்லது 3 செ.மீட்டருக்கு மேல் தூக்கினால் கீழே பெடல் எட்டாமல் இடுப்பு ஆட ஆரம்பித்துவிடும். ஆக, சீட்டால் கிடைப்பது நாலைந்து டிகிரி. மீதியை முட்டிதான் சம்பாதிக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையை அப்படியே சொல்கிறேன். வயது 62, வலது முட்டி மாற்றியவர். கவட்டு அளவு 74 செ.மீ. வீட்டில் ஒரு உடற்பயிற்சி சைக்கிள், சீட் தண்டில் 2 செ.மீ.க்கு ஒரு துளை. குதிகால் முறையில் பார்த்ததில் அவருக்கான துளை ஐந்தாவது. மூன்றாவது வாரத்தில் அவர் முட்டி 92 டிகிரி மடங்கியது. மகன் எங்கோ கேட்டுவிட்டுச் சீட்டை ஏழாவது துளைக்கு, அதாவது 4 செ.மீ. உயர்த்தியிருந்தார். அம்மாவுக்குச் சுற்று முழுதாக வந்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பின்னால் நின்று பார்த்தேன். பெடல் உச்சிக்கு வரும் ஒவ்வொரு முறையும் வலது இடுப்பு சீட்டை விட்டு எழும்பியது. முட்டி மடங்கவில்லை, இடுப்புதான் தூக்கிக் கொடுத்தது. சாயங்காலமானால் முதுகு வலி வேறு.

சீட்டை ஆறாவது துளைக்கு இறக்கினோம். அங்கே முழுச் சுற்றுக்கு 102 டிகிரி மாதிரி வேண்டும், அவரிடம் 92தான் இருந்தது. அதனால் முழுச் சுற்று வேண்டாம் என்றேன். லோடு பூஜ்யம். நல்ல கால் தள்ள, பெடலை இறுகும் இடம் வரை முன்னால் கொண்டுபோய், அங்கே மெதுவாக ஐந்து எண்ணிவிட்டு, திரும்பப் பின்னால் கொண்டுவந்து அந்தப் பக்கம் இறுகும் இடத்தில் ஐந்து எண்ண வேண்டும். ஊஞ்சல் மாதிரி. ஒரு வேளைக்கு இருபது தடவை, நாளைக்கு இரண்டு வேளை. ஒரே நிபந்தனை: வலது பக்கம் சீட்டை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் அவ்வளவு தூரம் போனது அதிகம். முதல் நாள் பெடல் கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் நின்றது. சைக்கிளின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். நாலாவது நாள் கோட்டைத் தாண்டியது.

நாலாவது வாரம் முட்டி 99 டிகிரிக்கு வந்தது. அப்போதுதான் முழுச் சுற்றை முயன்றோம், அதுவும் பின்னோக்கி. பலருக்குப் பின்னோக்கிச் சுற்றுவதுதான் முதலில் கைகூடும். உச்சியைத் தாண்டும்போது குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டதில் குறைந்த அந்த மூன்று டிகிரி சமாளிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து முன்னோக்கியும் வந்தது. ஐந்தாவது வாரம் 105ஐத் தாண்டியதும் சீட்டை ஐந்தாவது துளைக்கு இறக்கினோம். சீட்டைத் தற்காலிகமாகத்தான் தூக்குகிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும் உயர்ந்த சீட்டிலேயே மிதித்தால் முட்டிக்கு மடக்கம் கூட வாய்ப்பே கிடைப்பதில்லை.

வீட்டில் கோணம் அளக்கக் கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம். கட்டிலில் மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையில் உரசியபடி புட்டத்தை நோக்கி இழுங்கள். முடிந்தவரை இழுத்த பிறகு குதிகாலுக்கும் புட்டத்துக்கும் இடையில் எத்தனை செ.மீ. என்று டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். வாராவாரம் அந்த எண் குறைகிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

கிராங்கைச் சின்னதாக்கலாம்னு சொல்றாங்களே, அது என்ன?

பெடலைத் தாங்கும் கை போன்ற கம்பிதான் கிராங்க். பெரியவர்கள் சைக்கிளில் அது பெரும்பாலும் 17 செ.மீ. அதை 14.5 ஆக்கினால் பெடல் உச்சியில் 2.5 செ.மீ. கீழேயே நின்றுவிடும். அடியிலும் பெடல் 2.5 செ.மீ. மேலே வந்துவிடுவதால் சீட்டை அவ்வளவு தூக்கிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து உச்சியில் 5 செ.மீ. இடம் கிடைக்கும், கீழே கால் நீளுவது மாறாது. சீட்டைத் தூக்கி வாங்குவதைவிட இது நல்ல பேரம்: ஏறக்குறைய எட்டு டிகிரி, இடுப்பும் ஆடாது.

நிரந்தரமாக 100 டிகிரிக்கு மேல் மடங்காத முட்டிக்கு இதைத்தான் சொல்வேன். இருக்கும் கிராங்கிலேயே பொருத்தும் பல துளைத் தகடுகள் கிடைக்கின்றன. பெடலை உள்ளே தள்ளிப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு காலுக்கு மட்டும் குறைத்தும் ஓட்டலாம். பலரும் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். சில வாரத்தில் சரியாகிவிடும் முட்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை.

நாற்காலிக்கு முன்னால வச்சு மிதிக்கிற சின்ன பெடல் கருவி போதுமா? சாய்ஞ்சு உக்காந்து மிதிக்கிற சைக்கிள்?

சின்னக் கருவியில் கிராங்க் குட்டை என்பதால் மடக்கம் குறைவாகவே தேவைப்படும். ஆரம்பத்துக்கு நல்லது. அதில் நாற்காலியின் தூரம்தான் சீட் உயரம். நாற்காலியைக் கிட்டே இழுத்தால் முட்டி அதிகம் மடங்கும், தள்ளிப் போட்டால் குறையும். பெடல் தூரத்தில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கருவி வழுக்கி ஓடாமல் சுவரில் முட்டுக்கொடுக்க வேண்டும்.

சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் முதுகு வலி உள்ளவர்களுக்கும் தடுமாற்றம் உள்ளவர்களுக்கும் வசதி. சீட்டைத் தூக்குவதற்குப் பதிலாகப் பின்னால் நகர்த்துவீர்கள், கணக்கு அதேதான்.

எவ்வளவு நேரம், எவ்வளவு லோடு?

முதல் வாரம் ஐந்து நிமிடம். அதிலிருந்து இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, இருபது முப்பது நிமிடத்துக்குப் போகலாம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், லோடைக் கடைசியில் தொடுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்று என்பது பெரும்பாலானவர்களுக்குச் சௌகரியமான வேகம். கனமான லோடில் மெதுவாக மிதிப்பதும் லேசான லோடில் வேகமாக மிதிப்பதும் வியர்வையில் ஒன்றாக இருக்கலாம், முட்டிக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு மிதியிலும் முட்டியில் விழும் பலம் முதலாவதில்தான் அதிகம். கியர் உள்ள சைக்கிளில் மேட்டைக் கண்டதும் கியரை இறக்குங்கள். கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பதை மறந்துவிடுங்கள். சீட் வாங்கிக்கொண்டிருந்த எடை அந்த நிமிடமே முட்டிக்குத் திரும்பிவிடும்.

மிதிக்கும்போது வலிச்சா நிறுத்திடணுமா?

எல்லா வலிக்கும் இல்லை. பத்துக்கு மூன்று என்று சொல்லக்கூடிய லேசான வலி, மிதிக்க மிதிக்கக் குறைந்தால், பரவாயில்லை. நான் அதிகம் நம்புவது மறுநாள் காலையை. எழுந்ததும் முட்டி நேற்றைவிட வீங்கியிருக்கிறதா, சிப்பியின் இரண்டு பக்கக் குழிகளும் மறைந்துவிட்டனவா, முதல் நாலு எட்டு நேற்றைவிடக் கஷ்டமா என்று பாருங்கள். ஆம் என்றால் நேற்று செய்தது அதிகம். ஒருநாள் விட்டுவிட்டு, பாதி நேரத்தில் மறுபடி ஆரம்பியுங்கள்.

சீட்டோடு சம்பந்தமில்லாத அறிகுறிகள் சில உண்டு, அவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. கெண்டைச் சதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால், அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தில் சீழ், சிவப்பு, காய்ச்சல் இருந்தாலும் அன்றே காட்டுங்கள். முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு மடக்கவும் நீட்டவும் முடியாமல் போனாலும் மிதித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

மூணு மாசமா தினமும் அரை மணி நேரம் மிதிக்கிறேன், நல்லா மடங்குது. ஆனா நடக்கும்போது கால் நேரா வரமாட்டேங்குது. ஏன்?

சைக்கிள் முட்டியை நேராக நீட்டுவதே இல்லை. மேலே பார்த்தோமே, சீட் சரியாக இருந்தாலும் அடிமட்டத்தில் முட்டி 25 டிகிரிக்கு மேல் மடங்கியே இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஆயிரத்தெண்ணூறு சுற்று சுற்றினாலும் அந்தக் கடைசி 25 டிகிரிப் பக்கம் முட்டி ஒரு தடவைகூடப் போவதில்லை. அதற்காகச் சீட்டை உயர்த்தி நீட்ட முயலாதீர்கள், இடுப்பு ஆடுவதுதான் மிச்சம்.

நீட்டலுக்குத் தனி வேலை வேண்டும். மிதித்து முடித்த கையோடு, முட்டி சூடாக இருக்கும்போதே செய்தால் நல்லது. படுக்கையில் காலை நீட்டி, குதிகாலுக்கு மட்டும் ஒரு சுருட்டிய துண்டை வையுங்கள், முட்டிக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. காலைத் தளர்த்திவிட்டு ஐந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், அதன் எடையே அதைக் கீழே இறக்கும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, முட்டியின் பின்புறத்தால் படுக்கையை அழுத்தி ஐந்து எண்ணுங்கள், பத்து தடவை. தொடையின் முன்சதை கல் மாதிரி இறுக வேண்டும். எவ்வளவு முன்னேற்றம் என்று தெரிய, கால் நீட்டிய நிலையில் முட்டிக்கும் படுக்கைக்கும் இடையே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவை செய்த பக்கம் மூன்று விரல் நுழைந்து மறுபக்கம் ஒன்றுகூட நுழையவில்லை என்றால், சைக்கிள் நேரத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து இதற்குக் கொடுங்கள். மூன்று நாலு வாரத்தில் விரல் கணக்கு குறையவே இல்லையென்றால் அறுவை செய்தவரிடம் காட்ட வேண்டும்.

முட்டிக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரவு எட்டு மணி நேரம் மடக்கி வைத்த காலைப் பகலில் பத்து நிமிடத்தில் நீட்டிவிட முடியாது.